போர்டுக்கு அடியில் பதினான்கு ஊசிகள்

அசெம்பிளி கடையிலிருந்து நூறு போர்டுகள் ஒரு பெட்டியில் வந்து இறங்குகின்றன. எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றில் எது வேலை செய்யும், எது செய்யாது என்று தெரிந்தாக வேண்டும். மல்டிமீட்டரின் முனைகளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பார்த்தால், போர்டுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் நூறு போர்டுக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. எழுபதாவது போர்டுக்கு வரும்போது கை தளர்ந்திருக்கும், முனை வழுக்கி இரண்டு கால்களை ஒன்றாகத் தொடும், நல்ல போர்டு சோதிப்பவர் கையிலேயே கெட்டுப்போகும்.

லட்சக் கணக்கில் தயாரிக்கும் நிறுவனங்கள் இதற்கென்று பெரிய ஊசிப்படுக்கை இயந்திரங்களை வைத்திருக்கின்றன. ஐம்பது, நூறு, முந்நூறு என்று செய்பவர்களுக்கு அந்தச் செலவு கட்டாது. அவர்களுக்கு ஏற்றது போகோ பின்களால் ஆன சிறிய ஜிக். போகோ பின் என்பது மெல்லிய உலோகக் குழலுக்குள் ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்திருக்கும் ஓர் ஊசி. அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். போர்டின் அடிப்பக்கத்தில் தொட வேண்டிய இடங்களுக்கெல்லாம் நேராக இப்படி ஊசிகளை நிறுத்தி, போர்டை அவற்றின் மேல் வைத்து அழுத்தினால் எல்லாத் தொடர்புகளும் ஒரே நொடியில் கிடைத்துவிடும்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. ஆனால் ஜிக் 'இந்தப் போர்டு கெட்டது' என்று சொன்னால் அதை நம்பலாமா என்பதுதான் உண்மையான கேள்வி. கெட்டது போர்டா, அல்லது ஊசி சரியாகத் தொடவில்லையா? இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாத ஜிக்கை இரண்டு வாரத்தில் யாரும் மதிக்கமாட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் போர்டை எடுத்து மறுபடி வைத்து, பச்சை வரும்வரை அழுத்திப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் சோதனை நடக்கிறது என்று சொல்வதற்கே பொருளில்லை. ஆகவே இந்த அத்தியாயத்தில் ஜிக்கின் ஒவ்வொரு பாகத்தையும் இந்தக் கேள்வியோடுதான் பார்க்கப் போகிறோம்.

உதாரணத்துக்கு ஒரு போர்டை எடுத்துக்கொள்வோம். மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் கட்டுப்பாட்டு போர்டு. 80 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலம். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும், அதிலிருந்து 3.3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். ஒரு எஸ்.டி.எம்.32 மைக்ரோகன்ட்ரோலர், ஒரு ரிலே, தொட்டியிலிருந்து வரும் இரண்டு நீர்மட்ட இணைப்புகள், வேறொரு போர்டோடு பேச ஆர்.எஸ்.485 இணைப்பு. இவ்வளவுதான்.

ஜிக்கின் வேலை போர்டை வரையும்போதே தொடங்கிவிடுகிறது. போர்டு அச்சாகி வந்தபின் ஐ.சி.யின் கால்களையும் ரெசிஸ்டரின் ஓரங்களையும் ஊசியால் தொட முயல்வது வீண் வேலை. வரைபடத்திலேயே டெஸ்ட் பாயின்ட்களை வைத்துவிட வேண்டும். கீகேட் மென்பொருளில் இதற்கான உருவம் ஆயத்தமாகவே இருக்கிறது. `TestPoint_Pad_D1.5mm` என்பது 1.5 மி.மீ. விட்டமுள்ள வெறும் செப்பு வட்டம். அதன் மேல் சோல்டர் பேஸ்ட் விழாது, தட்டையாக இருக்கும். இடமிருந்தால் 1.5 மி.மீ., நெருக்கடியாக இருந்தால் 1 மி.மீ. அதற்குக் கீழே போகாதீர்கள். எல்லாப் புள்ளிகளும் போர்டின் அடிப்பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மேல்பக்கத்தில் இருந்தாலும் ஜிக்குக்கு இன்னொரு தளம் கட்ட வேண்டிவரும். பக்கத்துப் புள்ளிகளின் மையங்களுக்கு இடையே 2.54 மி.மீ. இருந்தால் பி75 என்ற வகை பின்னைப் போடலாம். கடைகளில் மலிவாகவும் எளிதாகவும் கிடைப்பது அதுதான். இன்னும் நெருக்கினால் மெல்லிய பின் தேவைப்படும், அது சீக்கிரம் வளையும்.

நம் போர்டில் பன்னிரண்டு புள்ளிகள்:

```
TP1  GND       TP7  SWCLK
TP2  GND_S     TP8  NRST
TP3  12V       TP9  485_A
TP4  12V_S     TP10 485_B
TP5  3V3       TP11 LEVEL_LO
TP6  SWDIO     TP12 LEVEL_HI
```

இவற்றோடு ரிலேயின் வெளிமுனை டெர்மினலின் சோல்டர் இணைப்புகள் இரண்டையும் தொடுகிறோம். மொத்தம் பதினான்கு ஊசிகள். அந்த இரண்டுக்கும் தனியாக டெஸ்ட் பாயின்ட் வைக்காததற்குக் காரணம் உண்டு. போர்டு பயனுக்குப் போனதும் அந்த முனைகளில் 230 வோல்ட் ஓடும், அங்கே திறந்த செப்பு வட்டங்களைக் கூடுதலாக விடக் கூடாது. ஜிக்கில் அந்த முனைகள் வழியே ரிலே மூடித் திறக்கிறதா என்பதை 3.3 வோல்ட்டில் மட்டும் பார்க்கிறோம். 230 வோல்ட் எந்த நிலையிலும் ஜிக்குக்குள் வராது.

பெயர் இடுவதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஒவ்வொரு வட்டத்தின் பக்கத்திலும் எண்ணையும் பெயரையும் சேர்த்தே அச்சிடுங்கள். எண் மட்டும் இருந்தால் போர்டைச் சரிசெய்ய உட்காருபவர் வரைபடத்தைத் தேடிக்கொண்டிருப்பார். எழுத்து 1 மி.மீ. உயரமாவது இருக்க வேண்டும், குறைந்தால் அச்சில் கரைந்துவிடும். வரைபடம், போர்டு, ஜிக்கின் ஊசித்தட்டு, கணினித் திரையில் வரும் செய்தி ஆகிய நான்கு இடங்களிலும் அதே எண், அதே பெயர். சோதனை தோற்றால் திரையில் இப்படி வர வேண்டும்:

```
KT-0147  TP5 3V3  3.17V  (3.20-3.40)  FAIL
```

இதைப் படிப்பவர் போர்டைத் திருப்பி, அந்த வட்டத்தில் மீட்டரை வைத்து, அதே அளவு வருகிறதா என்று உடனே பார்த்துவிடலாம். போர்டின் அடுத்த பதிப்பை வரையும்போது எண்களை மாற்றவே கூடாது. TP8 தேவையில்லை என்று நீக்கினால் அந்த எண் காலியாகவே இருக்கட்டும். பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே மேசையில் கிடக்கும் நாள் கட்டாயம் வரும். அன்று TP5 ஒன்றில் 3.3 வோல்ட்டாகவும் இன்னொன்றில் 12 வோல்ட்டாகவும் இருந்தால் ஏதாவது ஒன்று புகையும்.

இனி ஊசிகளின் விசை. பி75 பின்னின் ஊசி முழுவதும் உள்ளே போனால் சுமார் 2.65 மி.மீ. நகரும். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 1.8 மி.மீ. அழுத்துவதுதான் வேலை செய்யும் நிலை. அப்போது ஒரு பின் சுமார் 100 கிராம் விசையோடு செப்பைத் தள்ளும். பதினான்குக்கும் சேர்த்து 1.4 கிலோ. ஆகவே போர்டு அமரும் தாங்குதூண்களின் மேல்மட்டத்தைவிட ஊசிமுனைகள் 1.8 மி.மீ. உயரமாக நிற்குமாறு அமைக்கிறோம். அரை மி.மீ. மட்டும் அழுத்தினால் விசை போதாது, செப்பின் மேல் படிந்திருக்கும் மெல்லிய ஃபிளக்ஸ் படலத்தை ஊசி குத்திக்கொண்டு போகாது. முழுவதுமாக அழுத்தினால் ஸ்பிரிங் அடிமட்டத்துக்குப் போய்விடும், அதன்பின் போர்டுதான் வளையும்.

போர்டு வளைவது கண்ணுக்குத் தெரியாத கேடு. மேலே சோல்டர் செய்யப்பட்ட சிறிய செராமிக் கெபாசிட்டர்கள் வளைவைத் தாங்காமல் உள்ளுக்குள் விரிசல் விடும். அன்றைய சோதனையில் அவை தேறிவிடும். மாதங்கள் கழித்து ஈரம் உள்ளே போய் ஷார்ட் ஆகும். போர்டைக் காக்க வந்த ஜிக்கே அதைக் கெடுத்த கதை அது. இதைத் தவிர்க்க, மேலிருந்து அழுத்தும் மூடியில் தள்ளுகுச்சிகளை ஊசிகளுக்கு நேர் மேலே வையுங்கள். கீழே ஊசிகள் தள்ளும் இடத்திலேயே மேலிருந்தும் தாங்கல் கிடைத்தால் போர்டு வளைய வழியில்லை. நேர் மேலே ஏதாவது பாகம் இருந்தால் மிக அருகில் வெறுமையாக உள்ள இடத்தைத் தேடுங்கள். மூடியைப் பூட்ட ஒரு சாதாரண டாகிள் கிளாம்ப் போதும்.

ஊசிகளை நிறுத்தும் தட்டை எதில் செய்வது? சிறிய தொகுதிக்கு மிகச் சிறந்த பொருள் இன்னொரு பி.சி.பி.தான். போர்டு செய்யும் அதே இடத்தில், அதே துல்லியத்தில், குறைந்த விலையில் துளையிட்டுத் தருவார்கள். ஆனால் ஒரு தட்டு போதாது. பின்னை நேராகத் தட்டில் ஒட்டாமல் ஒரு உறைக்குழலுக்குள் செருகுகிறோம். அந்த உறையின் வெளிவிட்டம் 1.32 மி.மீ., துளை 1.4 மி.மீ. என்றால் 0.08 மி.மீ. ஆட்டம் இருக்கும். 1.6 மி.மீ. தடிமனுள்ள ஒரே தட்டில் அது நின்றால், சாய்வு இருபதில் ஒரு பங்கு. தட்டுக்கு 12 மி.மீ. மேலே இருக்கும் ஊசிமுனை 0.6 மி.மீ. விலகிவிடும். நம் வட்டத்தின் ஆரமே 0.75 மி.மீ.தான். ஏறக்குறைய முழுவதையும் இந்தச் சாய்வே தின்றுவிடுகிறது. அதே துளைகள் உள்ள இரண்டு தட்டுகளை 10 மி.மீ. இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால், அந்த 0.08 மி.மீ. ஆட்டம் பத்து மி.மீ. நீளத்தில் பரவி, முனையின் விலகல் ஏறத்தாழ 0.1 மி.மீ. ஆகக் குறையும். கூடுதல் செலவு ஒரு தட்டும் நான்கு இடைத்தூண்களும்தான்.

உறையைக் கீழ்த்தட்டில் சோல்டர் செய்துவிட்டு, பின்னைக் கடைசியில் செருகுங்கள். பின்னையே சோல்டர் செய்தால் ஈயம் குழலுக்குள் ஏறி ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும். உறை இருந்தால் தேய்ந்த பின்னை இடுக்கியால் இழுத்து எடுத்துவிட்டு ஒரு நிமிடத்தில் புதியதைப் போடலாம். ஊசிமுனையின் வடிவமும் இடத்துக்கு ஏற்ப மாறும். தட்டையான வட்டங்களுக்குக் கூர்முனை நல்லது. மேடான சோல்டர் இணைப்புகளில் கூர்முனை சறுக்கும், அங்கே கிரீடம்போலப் பல பற்கள் உள்ள முனையைப் போட வேண்டும்.

போர்டு சரியான இடத்தில் அமர அதன் விளிம்புகளை நம்பாதீர்கள். பேனலிலிருந்து உடைத்து எடுத்த விளிம்பில் பிசிறு இருக்கும், போர்டுக்குப் போர்டு மாறும். துளைகளோ செப்போடு சேர்ந்து துல்லியமாக வருபவை. ஆகவே மூலைவிட்டத்தில் எதிரெதிராக இரண்டு துளைகளைச் செப்புப் பூச்சு இல்லாமல் விடுங்கள், ஒன்று 3 மி.மீ., மற்றது 2.5 மி.மீ. விட்டம் வேறாக இருப்பதால் போர்டைத் திருப்பி வைக்க முடியாது. அவற்றில் நுழையும் வழிகாட்டிக் கம்பிகள் ஊசிகளைவிட உயரமாக இருக்க வேண்டும். முதலில் கம்பி போர்டைப் பிடித்து நேராக்கும், அதன்பின்தான் ஊசி தொடும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று. புள்ளிகள் அடிப்பக்கத்தில் இருப்பதால், அடிப்பக்கத் தோற்றத்தைப் பார்த்து ஊசித்தட்டை வரையத் தோன்றும். வரைந்தால் தட்டு இடவலம் மாறி வரும். போர்டு தட்டின் மேல் மல்லாந்து கிடப்பதில்லை, மேல்பக்கம் மேலேயே இருக்கிறது. ஆகவே மேலிருந்து போர்டின் ஊடாகப் பார்ப்பதுபோல, கோப்பில் உள்ள ஆயங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். தட்டை அனுப்பும் முன் உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, போர்டை அதன் மேல் வைத்துப் பாருங்கள்.

இப்போது நம் பட்டியலில் GND இரண்டு முறை வந்திருப்பதைக் கவனியுங்கள். ஜிக்கின் நம்பகத்தன்மை பெரும்பாலும் இந்த இரண்டாவது ஊசியில்தான் இருக்கிறது. TP1 வழியேதான் போர்டின் மின்னோட்டம் முழுவதும் திரும்புகிறது. TP2 போர்டின் வேறொரு மூலையில் அதே தரையைத் தொடுகிறது. ஆனால் ஜிக்குக்குள் அது தரையோடு சேர்க்கப்படவில்லை. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுக்கப்பட்டு, ஜிக்கின் மின்னழுத்தம் அளக்கும் உள்ளீட்டுக்குப் போகிறது.

போர்டு இல்லாதபோது அங்கே 3.3 வோல்ட் தெரியும். போர்டு சரியாக அமர்ந்தால், அதன் செப்பு வழியாக TP2 தரையோடு சேர்ந்து பூஜ்யமாகும். இரண்டு மூலைகளில் ஒன்று தூக்கிக்கொண்டிருந்தாலும் பூஜ்யம் வராது. பூஜ்யம் வராமல் ஜிக் மின்சாரம் கொடுக்கக் கூடாது. TP1 தொடாத நிலையில் 12 வோல்ட் கொடுத்தால், திரும்பும் மின்னோட்டம் மைக்ரோகன்ட்ரோலரின் நிரலேற்றும் கம்பிகள் வழியே பாதை தேடி அந்தச் சிப்பையே எரித்துவிடலாம்.

மின்சாரம் வந்தபின் அதே ஊசி இன்னொரு வேலையைச் செய்கிறது. ரிலே இயங்கும்போது நம் போர்டு சுமார் 70 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். TP1 ஊசியின் முனையில் அழுக்குப் படிந்து 2 ஓம் தடை வந்துவிட்டது. போர்டின் தரை ஜிக்கின் தரையைவிட 0.14 வோல்ட் உயர்ந்துவிடும். சரியாக 3.30 வோல்ட் தரும் நல்ல போர்டு 3.44 என்று காட்டும், எல்லை 3.40 என்பதால் தோற்கும். இன்னும் மோசம், 3.17 வோல்ட் தரும் கெட்ட போர்டு 3.31 என்று காட்டித் தேறிவிடும். TP2-இல் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. ஆகவே அதன் ஊசி சற்று அழுக்காக இருந்தாலும் போர்டின் தரை உண்மையில் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லிவிடும். ரிலே இயங்கும்போது அங்கே 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் தெரிந்தால் TP1-இன் தடை 0.3 ஓமுக்கு அருகில் போய்விட்டது என்று பொருள். அப்போது திரையில் 'போர்டு கெட்டது' என்று வரக் கூடாது, 'TP1 ஊசியைத் துடை' என்று வர வேண்டும். 12 வோல்ட்டுக்கு TP4 என்ற இரண்டாவது ஊசி வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். மின்சாரம் ஒன்றில் போகிறது, அளப்பது மற்றொன்றில்.

சோதனையின் வரிசை இதிலிருந்து தானாக அமைகிறது. முதலில் TP2 பார்த்துப் போர்டு அமர்ந்ததா என்று உறுதிசெய்கிறோம். பிறகு 12 வோல்ட் இல்லாமலே, 1 கிலோ ஓம் வழியாக TP5-க்கு 3.3 வோல்ட்டைக் கொடுத்து, கெபாசிட்டர்கள் நிரம்பச் சிறிது பொறுத்து அளக்கிறோம். பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் எங்கோ ஷார்ட், அத்தோடு நிறுத்திவிடலாம். அதன்பின் 150 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்திய 12 வோல்ட். மின்னழுத்தங்கள் சரியென்றால் சோதனைக்கான ஃபர்ம்வேரை ஏற்றுகிறோம்:

```
openocd -f interface/cmsis-dap.cfg \
  -f target/stm32g0x.cfg \
  -c "program test.elf verify reset exit"
```

அந்த ஃபர்ம்வேர் ரிலேயை இயக்கும். 12 வோல்ட்டில் இயங்கும் சிறிய ரிலேயின் சுருள் பெரும்பாலும் 400 ஓம், ஆகவே மொத்த மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியர் கூட வேண்டும். கூடினால் சுருளும் அதை ஓட்டும் டிரான்சிஸ்டரும் சரி. இந்தச் சோதனைக்குத் தனி ஊசியே தேவைப்படவில்லை. நீர்மட்ட இணைப்புகளும் ஆர்.எஸ்.485-உம் முடிந்ததும் விற்பனைக்கான ஃபர்ம்வேரையும் வரிசை எண்ணையும் எழுதி, மின்சாரத்தை நிறுத்தி, அதன்பின்தான் பச்சை விளக்கு. விளக்கு எரிந்தால் மூடியைத் திறக்கலாம் என்று பொருள், ஓடும் மின்சாரத்தோடு யாரும் போர்டை எடுக்க நேராது.

தோற்ற போர்டை மீண்டும் ஒருமுறை வைத்துப் பார்க்க அனுமதிக்கலாம். ஆனால் அந்த இரண்டாவது முயற்சியும் பதிவேட்டில் ஏற வேண்டும். முதல் முறை தோற்று இரண்டாம் முறை தேறும் போர்டுகள் நாளுக்கு நாள் கூடினால் குறை ஊசிகளில்தான். சுத்தம் செய்யத் தேவையில்லாத ஃபிளக்ஸ் என்று விற்கப்படுவதும் செப்பின் மேல் பிசின்போல ஒரு படலத்தை விடும், அது ஊசிமுனையில் சேர்ந்துகொண்டே போகும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த தூரிகையால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். துடைத்தும் அதே எண் திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஒரு பின்னை மட்டும் மாற்றுங்கள்.

ஜிக்கையே சோதிக்கவும் வழி வேண்டும். நல்லதென்று உறுதியான ஒரு போர்டை எல்லோரும் எடுத்துவைப்பார்கள். அது பாதி வேலைதான். எப்போதும் பச்சை காட்டும் பழுதான ஜிக்கும் அந்தப் போர்டைத் தேறியது என்றே சொல்லும். ஆகவே வேண்டுமென்றே கெடுத்த போர்டுகள் சிலவற்றையும் வையுங்கள். ஒன்றில் 3.3 வோல்ட்டைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டரை மாற்றி 3.1 வோல்ட் வரச் செய்யுங்கள். இன்னொன்றில் ஆர்.எஸ்.485 ஐ.சி.யை எடுத்துவிடுங்கள். மூன்றாவதில் ரிலேயின் டிரான்சிஸ்டரை. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு வண்ணம் பூசி, எந்தப் புள்ளியில் என்ன செய்தி வர வேண்டும் என்று எழுதி ஒட்டுங்கள். காலையில் தொகுதியைத் தொடங்கும் முன் நல்ல போர்டையும் இந்த மூன்றையும் ஜிக்கில் வைத்துப் பாருங்கள். மூன்றும் அவற்றில் எழுதியிருக்கும் அதே செய்தியோடு தோற்றால் மட்டும் அன்றைய முதல் போர்டைப் பெட்டியிலிருந்து எடுங்கள்.